ரெண்டு கோடும் சேந்து ஏறுது, சரி, அதனால எது எதுக்கு காரணம்?

உலகத்தோட சூடு ஒரு கோடு, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு (இனிமே சிஓ2ன்னே எழுதுறேன்) இன்னொரு கோடு, ரெண்டையும் ஒரே படத்துல ஒண்ணு மேல ஒண்ணா போட்ட கிராஃப் நீங்க எங்கயாச்சும் பாத்திருப்பீங்க. வேலூர்ல கத்திரி வெயில் ஆரம்பிச்சா போதும், எங்க ஃபேமிலி குரூப்ல யாராச்சும் ஒருத்தர் அதை போட்டுடுவாங்க. உடனே ஒருத்தர் "இதுக்கு மேல இன்னா ப்ரூஃப் வேணும்"னுவார், இன்னொருத்தர் "ரெண்டு கோடு சேந்து போனா ஆயிடுச்சா"ன்னுவார். என்னைக் கேட்டா ரெண்டாவது ஆளு கேக்கறதுதான் சரியான கேள்வி. அதுக்கு நல்ல பதிலும் இருக்கு, ஆனா அந்த பதில் அந்த கிராஃபுக்குள்ள இல்ல.

மொதல்ல படத்தையே ஒழுங்கா படிப்போம். இடது பக்கம் இருக்கிற அளவு நேரடி வெப்பநிலை இல்ல, அனாமலி. அதாவது வழக்கமா இருக்க வேண்டியதுல இருந்து எவ்ளோ விலகி இருக்குன்றது. இது எதுக்குன்னா, மே மாசம் மத்தியானம் வேலூர் கோட்டை பக்கம் 40 டிகிரியை தாண்டும், அதே நேரத்துல ஏலகிரி மேல ஏறிப் போனா பல டிகிரி கம்மியா இருக்கும். இந்த ரெண்டு இடத்தோட டிகிரியை கூட்டி சராசரி எடுத்தா வர்ற நம்பருக்கு பெருசா அர்த்தம் கிடையாது, அதுலயும் ஏலகிரில இருக்கிற தெர்மாமீட்டர் ஒரு வருஷம் ரிப்பேரானா சராசரி தடாலுன்னு ஏறிடும், ஊர் சூடாவே ஆகாம. அதனால ஒவ்வொரு இடத்துக்கும் அதோட சொந்த பழைய சராசரியை எடுத்து, அதுல இருந்து இந்த மாசம் எவ்ளோ கூட, எவ்ளோ கொறைச்சல்னு மட்டும் கணக்கு பண்றாங்க. வேலூர் வழக்கத்தை விட 1 டிகிரி கூட இருக்கிற மாசம் ஏலகிரியும் பெரும்பாலும் அதே அளவுக்கு கூடத்தான் இருக்கும், ஏன்னா விலகல்ன்றது நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே மாதிரி பரவி இருக்கும்.

இந்த பழைய சராசரி எந்த வருஷத்தோடதுன்றதை கண்டிப்பா பாருங்க. நாசா 1951 முதல் 1980 வரைக்கும் எடுக்குது. 2024க்கு நாசா கணக்குல அனாமலி கிட்டத்தட்ட 1.3 டிகிரி. ஆனா நியூஸ்ல அதே வருஷத்துக்கு 1.5 டிகிரிக்கு மேலன்னு சொன்னாங்க, ஏன்னா அது 1850 முதல் 1900 வரைக்குமான காலத்தோட ஒப்பிட்டது. ரெண்டுமே சரிதான். அடிப்படை வருஷத்தை மாத்தினா கோடு முழுசா மேலயோ கீழயோ நகரும், அதோட வடிவம் மாறாது. இதை வெச்சு "பாத்தியா ஆளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க"ன்னு சண்டை போடறவங்க நிறைய பேர் இருக்காங்க.

வலது பக்கம் பிபிஎம், பத்து லட்சம் காத்து மூலக்கூறுல எத்தனை சிஓ2ன்னு. இது ஹவாய்ல மௌனா லோவான்ற எரிமலை மேல 1958ல இருந்து அளந்துட்டு வர்றது, ஆரம்பிச்சவர் சார்லஸ் கீலிங். அப்போ 315 கிட்ட, 2024ல 424 கிட்ட.

இப்போ கவனிங்க, இடது பக்க அளவு எங்க ஆரம்பிக்கணும், வலது பக்க அளவு எங்க ஆரம்பிக்கணும், எவ்ளோ இழுக்கணும்னு முடிவு பண்றது படம் வரையறவர். வலது பக்கத்தை 300ல இருந்து 430 வரைக்கும் வெச்சா ரெண்டு கோடும் ஒட்டிக்கிட்டு போகும், அதையே 0ல இருந்து 1000 வரைக்கும் வெச்சா சிஓ2 கோடு கிட்டத்தட்ட படுத்துடும். டேட்டா ஒண்ணுதான். அதனால "எவ்ளோ அழகா பொருந்துது பாரு"ன்றது எந்த பக்கத்துக்கும் ஆதாரம் ஆகாது, வரைஞ்சவரோட கை அது.

சரி, படத்தை விட்டுட்டு நம்பரை பாப்போம்னு நீங்க சொல்லலாம். ரெண்டுமே இலவசமா கிடைக்குது. அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பான நோவா தளத்துல `co2_annmean_mlo.csv`, நாசாவுல `GLB.Ts+dSST.csv`. நாசா ஃபைல்ல வருஷ சராசரிக்கு ரெண்டு நெடுவரிசை இருக்கும், `J-D`ன்றது ஜனவரி முதல் டிசம்பர், `D-N`ன்றது போன டிசம்பர்ல ஆரம்பிக்கும், நமக்கு வேண்டியது முதல் நெடுவரிசை. நடுவுல `***`ன்னு வந்தா டேட்டா இல்லன்னு அர்த்தம், அதை 0ன்னு மாத்திடாதீங்க. ஒரு எக்செல் ஷீட்ல ரெண்டாவது வரில இருந்து A நெடுவரிசையில வருஷம் (1959 முதல் 2024), B நெடுவரிசையில சிஓ2, C நெடுவரிசையில அனாமலி போட்டுட்டு இதை அடிங்க:

```
=CORREL(B2:B67,C2:C67)
```

ரெண்டும் எவ்ளோ சேந்து போகுதுன்னு சொல்ற நம்பர் இது, 0.9ஐ தாண்டி வரும். அதிகபட்சமே 1தான், அதனால பாக்கறவங்களுக்கு கண்ணு விரியும். விரிய வேண்டாம். எங்க அக்கா வீடு சத்துவாச்சாரில இருக்கு, அவ பையன் 2008ல பொறந்தவன், அவன் வளர வளர ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் சுவத்துல நிக்க வெச்சு தலைக்கு மேல பென்சில்ல கோடு போட்டு வருஷம் எழுதி வெச்சிருக்கா. அந்த உயரத்தையும் 2008ல 386 பிபிஎம் கிட்ட இருந்து 2022ல 418 பிபிஎம் தாண்டினதையும் பக்கத்துல பக்கத்துல போட்டு அதே CORREL அடிச்சா அதுவும் 0.9க்கு மேலதான் வரும். பையன் வளந்ததுக்கு சிஓ2 காரணம் இல்ல, சிஓ2 ஏறினதுக்கு பையனும் காரணம் இல்ல. ரெண்டுமே காலத்தோட ஒரே பக்கமா போகுது, அவ்ளோதான். நிக்காம ஏறிட்டே போற எந்த ரெண்டு விஷயத்தை எடுத்தாலும் இப்படித்தான் பெரிய நம்பர் வரும். அதனால இந்த 0.9ஐ மட்டும் வெச்சு "பூமி சூடாகறதுக்கு சிஓ2தான் காரணம்"னு சொல்றவங்க, முடிவு சரியா இருந்தாலும், வாதம் தப்பா பண்றாங்க.

இதுக்கு புள்ளியியல்ல வழக்கமா பண்ற ஒரு வைத்தியம் இருக்கு. அளவை பாக்காம, போன வருஷத்துல இருந்து இந்த வருஷம் எவ்ளோ மாறிச்சுன்றதை மட்டும் பாக்கறது. D3ல கீழ இருக்கிறதைப் போட்டு D67 வரைக்கும் இழுங்க, சூட்டுக்கும் அதே மாதிரி E3ல இருந்து E67 வரைக்கும் =C3-C2:

```
=B3-B2
```

இப்போ D, E ரெண்டுக்கும் CORREL எடுத்தா அந்த பெரிய நம்பர் நல்லாவே விழுந்துடும். அக்கா பையன் உயரத்துலயும் இதை பண்ணா சிஓ2வோட இருந்த உறவு ஆவியா போயிடும், நியாயம்தான். ஆனா சூட்டு விஷயத்துல கொஞ்சம் மிச்சம் நிக்கும், அந்த மிச்சம்தான் சுவாரசியம், ஏன்னா அது எல்லாரும் எதிர்பாக்கற திசைக்கு நேர் எதிரா காட்டுது.

1997 முதல் 2000 வரைக்கும் நாலு வருஷத்தை மட்டும் எடுங்க. சிஓ2 சுமாரா 363.9, 366.8, 368.5, 369.7. சூட்டு அனாமலி சுமாரா 0.46, 0.61, 0.38, 0.39. அளவை பாத்தா 1999ல சிஓ2 ஏறுது, சூடு இறங்குது, "ஆ, பொருந்தல"ன்னு தோணும். வித்தியாசத்தை பாத்தா 1998ல சிஓ2 கிட்டத்தட்ட 3 பிபிஎம் ஏறியிருக்கு, அடுத்த வருஷம் 1.7, அதுக்கடுத்து 1.2தான். அதாவது சூடான வருஷத்துல சிஓ2 வேகமா ஏறியிருக்கு, ஆறின வருஷத்துல மெதுவா ஏறியிருக்கு. மாச வாரியா டேட்டா எடுத்து பாத்தா இன்னும் தெளிவா தெரியும், சூடு முதல்ல ஏறுது, சிஓ2 ஏறுற வேகம் சில மாசம் கழிச்சு கூடுது.

எங்க சித்தப்பா இதை எங்கயோ படிச்சுட்டு வந்து, "இன்னாப்பா, சூடு மொதல்ல வருது, கேஸு பின்னாடி வருது, அப்பறம் இன்னாத்துக்கு கேஸு மேல பழி போடறீங்க"ன்னு கேட்டார். "சித்தப்பா, நீங்க சொல்ற வரிசை கரெக்ட், அந்த ஏத்த இறக்கத்துக்கு மட்டும்"னு சொன்னேன். முறைச்சார். அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லங்க, ஆராய்ச்சி கட்டுரை எழுதறவங்களே இந்த இடத்துல சறுக்கியிருக்காங்க.

நடந்தது என்னன்னா, 1997-98ல பெரிய எல் நினோ. பசிபிக் கடல் மேல்மட்டம் சூடாச்சு, உலக சராசரி ஏறிச்சு, கூடவே வெப்பமண்டல காட்டுல மழை கம்மியாச்சு, இந்தோனேசியாவுல காடும் கரிமண் நிலமும் பத்தி எரிஞ்சுது, வெயில்ல வாடின மரம் செடி வழக்கமா உறிஞ்சற அளவுக்கு சிஓ2வை உறிஞ்சல. அதனால காத்துல மிஞ்சினது கூடிப்போச்சு. அதுக்கு நேர் எதிரா 1991 ஜூன்ல பிலிப்பைன்ஸ்ல பினாடுபோ எரிமலை வெடிச்சு, அது கக்கின கந்தகம் மேல போய் வெயிலை மறைச்சு, அடுத்த வருஷம் உலகமே அரை டிகிரி அளவுக்கு ஆறிச்சு, 1992ல சிஓ2வும் 1 பிபிஎம்முக்கு கம்மியாத்தான் ஏறிச்சு. ஆக ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் நடுவுல இருக்கிற இந்த சின்ன அலைச்சல்ல காரணம் சூடு, விளைவு சிஓ2. இது உண்மை.

தப்பு எங்க வருதுன்னா, இதை எடுத்து மொத்த ஏத்தத்துக்கும் மாட்டறப்போ. எல் நினோவால கூடறதும் கொறையறதும் 1 பிபிஎம், மிஞ்சினா 2 பிபிஎம். 1958ல இருந்து ஏறினது 100 பிபிஎம்முக்கு மேல. அதோட, வித்தியாசம் எடுக்கறதுன்னு ஒண்ணு பண்ணோமே, அது என்ன பண்ணுதுன்னு பாருங்க. வருஷா வருஷம் 2 பிபிஎம் ஏறிட்டே போற ஒரு கோட்டை வித்தியாசம் எடுத்தா 2, 2, 2, 2ன்னு ஒரே நம்பரா வரும். ஒரே நம்பரா இருக்கிற எதுவும் CORREL கணக்குல ஒரு பொருட்டே இல்ல, அது ஏத்த இறக்கத்தை மட்டும்தான் பாக்கும். அதாவது நீண்டகால ஏத்தத்தை நாமளே வெட்டி வெளிய தூக்கிப் போட்டுட்டோம், அப்பறம் மிச்சம் இருக்கிற அலைச்சலை காட்டி "நீண்டகால ஏத்தத்துக்கு காரணம் கண்டுபுடிச்சுட்டேன்"னு சொன்னா எப்படி?

அப்போ அந்த 100 பிபிஎம் எங்க இருந்து வந்துது? இதுக்கு கிராஃப் வேணாம், கூட்டல் கழித்தல் போதும். நிலக்கரி, பெட்ரோல், கேஸ், சிமெண்ட் எல்லாம் சேத்து உலகம் வருஷத்துக்கு சுமார் 3,700 கோடி டன் சிஓ2 விடுது. காத்துல 1 பிபிஎம் ஏத்தறதுக்கு கிட்டத்தட்ட 780 கோடி டன் வேணும். வகுத்தா 4.7. நாம விட்டது அப்படியே காத்துல நின்னா வருஷத்துக்கு 4.7 பிபிஎம் ஏறியிருக்கணும், ஆனா சமீப வருஷங்கள்ல ஏறுறது சராசரியா 2.5 கிட்ட. மிச்சத்தை கடலும் காடும் உள்ள இழுத்துக்கிச்சு. அதாவது இயற்கை இப்போ மொத்தத்துல வாங்கிக்கிற பக்கம் இருக்கு, கொடுக்கற பக்கம் இல்ல. கடல் சூடாகி சிஓ2வை வெளிய தள்ளினதாலதான் காத்துல கூடிச்சுன்னா கடல்ல அது கொறைஞ்சிருக்கணும், ஆனா கடல் தண்ணில அமிலத்தன்மை கூடிட்டே வருது, சிஓ2 உள்ள போறதாலதான் அது நடக்கும். சித்தப்பாக்கு இந்த கணக்கை காட்டினப்போ டன் கணக்கை மட்டும் ரெண்டு தபா போட்டு பாத்தார், வேற ஒண்ணும் சொல்லல.

அண்டார்டிகா பனிக்கட்டி கிராஃபும் இதே சண்டைக்கு வரும், அதை சுருக்கமா சொல்லிடறேன். அங்க எட்டு லட்சம் வருஷ பனியை தோண்டி எடுத்து, அதுல சிக்கின காத்து குமிழியை அளந்திருக்காங்க, சிஓ2 சுமார் 180க்கும் 300க்கும் நடுவுல ஏறி ஏறி இறங்குது, சூடும் கூடவே ஆடுது. ஆரம்பத்துல சூடு பல நூறு வருஷம் முந்தினதா தெரிஞ்சுது, பின்னாடி நுணுக்கமா பாத்தப்போ அந்த இடைவெளி நல்லா சுருங்கிடுச்சு, ஏன்னா குமிழியில இருக்கிற காத்து சுத்தி இருக்கிற பனியை விட வயசு கம்மி, அந்த வித்தியாசத்தை சரியா கணக்கு பண்றது லேசுப்பட்ட வேலை இல்ல. சூடு முந்தினதாவே வெச்சுக்கிட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகல. பூமி சூரியனை சுத்தற பாதையும் அச்சோட சாய்வும் மாறினதுல முதல் சூடு ஆரம்பிச்சுது, கடல் சிஓ2வை விட்டுது, அந்த சிஓ2 இன்னும் சூடாக்கிச்சு. கோழி முட்டை மாதிரி இல்லாம, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல காரணமா இருக்க முடியும்.

இப்போ முக்கியமான கேள்வி. இந்த கிராஃப் எதையும் நிரூபிக்கலன்னா, சிஓ2தான் சூடாக்குதுன்னு எப்படி சொல்றாங்க? வரிசையை பாருங்க. ஜான் டிண்டால் 1859ல ஒரு குழாய்க்குள்ள வாயுக்களை அடைச்சு, சிஓ2 கண்ணுக்கு தெரியாத வெப்பக்கதிரை உறிஞ்சுதுன்னு அளந்து காட்டிட்டார். 1896ல ஸ்வீடன்ல அர்ரீனியஸ், சிஓ2 இரட்டிப்பானா பூமி எத்தனை டிகிரி சூடாகும்னு கையாலயே கணக்கு போட்டார். கீலிங் அளக்க ஆரம்பிச்சது அதுக்கு அறுபது வருஷம் கழிச்சு. அதாவது யாரும் ரெண்டு கோடும் சேந்து போகுதேன்னு பாத்து காரணத்தை கண்டுபுடிக்கல, காரணம் முதல்ல தெரிஞ்சுது, கோடு அப்பறம் வந்துது.

அதுக்கப்பறம் நேரடியாவும் அளந்திருக்காங்க. அமெரிக்காவுல ஓக்லஹோமாவுலயும் அலாஸ்காவுலயும் ரெண்டு இடத்துல வானத்தை பாத்தபடி கருவி வெச்சு, மேல இருந்து கீழ வர்ற வெப்பக்கதிரை அலைநீளம் வாரியா பிரிச்சு 2000 முதல் 2010 வரைக்கும் அளந்தாங்க. சிஓ2 உறிஞ்சி திரும்ப அனுப்பற அந்த அலைநீளத்துல மட்டும், சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியிருந்துது. அந்த பத்து வருஷத்துல சிஓ2 22 பிபிஎம் ஏறியிருந்துது, ஏறின அளவுக்கு இயற்பியல் கணக்கு சொன்னதும் அதேதான். தெர்மாமீட்டரே இதுல இல்ல, நேரா காரணத்தையே அளக்கறாங்க. இன்னொண்ணும் இருக்கு. சூரியன் பிரகாசமானதால சூடுன்னா காத்து மண்டலம் கீழயும் மேலயும் சேந்து சூடாகணும். சிஓ2ன்னா கீழ சூடாகும், ஸ்ட்ராட்டோஸ்பியர்ன்ற மேலடுக்கு ஆறும். அளந்தா மேலடுக்கு ஆறித்தான் இருக்கு (ஓசோன் கொறைஞ்சதுக்கும் அதுல பங்கு உண்டு, ஆனா ரொம்ப மேல போகப் போக பெரும்பங்கு சிஓ2வோடது). சூரியனை 1978ல இருந்து சாட்டிலைட் அளக்குது, அதுல நீண்டகால ஏத்தமே இல்ல.

காரணம் தெரிஞ்சவங்களுக்கு கிராஃப்ல பொருந்தாத இடம்தான் அதிக பயன். 1940கள்ல இருந்து 1970கள் வரைக்கும் சிஓ2 ஏறிட்டே இருக்கு, சூடு கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்குது. கோடு பொருத்தத்தை மட்டும் நம்பினவர் இங்க மாட்டிக்குவார். போருக்கப்பறம் ஐரோப்பாவும் அமெரிக்காவும் எரிச்ச நிலக்கரியில இருந்து கந்தக தூசி ஏராளமா காத்துல கலந்து வெயிலை திருப்பி அனுப்பிச்சு, பினாடுபோ ஒரே நாள்ல பண்ணதை தொழிற்சாலைங்க வருஷக்கணக்குல பண்ணிச்சு. அப்பறம் சட்டம் போட்டு அந்த புகையை கட்டுப்படுத்தினாங்க, மறைஞ்சிருந்த சூடு வெளிய வந்துது. அதே மாதிரி 1998ல ஆரம்பிச்சு 2012ல முடியற படம் யாராச்சும் அனுப்பினா ஆரம்ப வருஷத்தை பாருங்க, அந்த பெரிய எல் நினோ உச்சியில இருந்து கோடு போட்டா யாருக்கும் சமதளமாத்தான் தெரியும்.

கடைசியா ஒண்ணு, B நெடுவரிசையையும் C நெடுவரிசையையும் புள்ளி புள்ளியா வரைஞ்சு, நடுவுல ஒரு நேர்க்கோடு இழுத்து, "100 பிபிஎம்முக்கு இத்தனை டிகிரி"ன்னு எடுத்துட்டு வருவாங்க, எக்செல்லும் கேட்டா உடனே போட்டுக் கொடுக்கும். அந்த நம்பரை எதிர்காலத்துக்கு நீட்டாதீங்க. அந்த சாய்வுக்குள்ள மீத்தேனும் இருக்கு, கந்தக தூசி மறைச்சதும் இருக்கு, இன்னும் சூட்டை உள்ள வாங்கிட்டு இருக்கிற கடலும் இருக்கு. அதுவும் இல்லாம சிஓ2வோட விளைவு நேர்க்கோட்டுல போறது இல்ல, 280ல இருந்து 560 ஆகறதும் 560ல இருந்து 1120 ஆகறதும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சூடாக்கும், ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரு படி. இரட்டிப்புக்கு எத்தனை டிகிரின்றதை ஐ.நா.வோட காலநிலை குழுவான ஐபிசிசியோட 2021 அறிக்கை 2.5க்கும் 4க்கும் நடுவுலன்னு சொல்லுது, அந்த இடைவெளியை சுருக்கறதுக்கு மேகத்தையும் கடலையும் பழைய காலநிலையையும் ஆராயறாங்க, ரெண்டு நெடுவரிசைக்கு நடுவுல இழுத்த கோட்டை யாரும் நம்பறது இல்ல.